பிடிக்காத பந்துக்கு இரண்டு அவுட்டா?

கேள்வி: வார இறுதி லீக் ஒன்றில் பேஸ்பால் ஆடுகிறேன். ஒரு அவுட் ஆகியிருந்தது. முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் எங்கள் ரன்னர்கள் நின்றார்கள். நான் அடித்த பந்து, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் தலைக்கு மேல் உயரமாகப் போனது. அது மேலே இருக்கும்போதே அம்பயர் ‘இன்ஃபீல்ட் ஃபிளை’ என்று கத்தி என்னை அவுட் என்றார். ஆனால் ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பிடிக்கவில்லை, அது கீழே விழுந்துவிட்டது. எங்கள் கோச் ‘ஓடு, ஓடு’ என்றதால் இரண்டாம் பேஸ் ரன்னர் மூன்றாவதுக்கு ஓடினார். அங்கே நின்றவர் பந்தை வாங்கி பேஸை மிதித்தார், ரன்னரைத் தொடவே இல்லை. அவரும் அவுட், இன்னிங்ஸ் முடிந்தது என்றார்கள். பிடிக்காத பந்துக்கு இரண்டு அவுட்டா?

பதில்: நீங்கள் அவுட் ஆனது சரி. உங்கள் ரன்னருக்குக் கொடுத்த அவுட் தவறு. இரண்டு அவுட், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ரன்னர்கள் என்ற நிலையில் உங்கள் அணி தொடர்ந்து ஆடியிருக்க வேண்டும். இன்ஃபீல்ட் ஃபிளை விதியில் பேட்டர் அவுட் என்ற முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, ரன்னரைத் தொட்டால்தான் அவுட் என்ற இரண்டாம் பாதியை மறந்துவிடும் அம்பயர்கள் சிறிய லீக்குகளில் ஏராளம். இதைத் திருத்த யாரும் மெனக்கெடுவதில்லை என்பது எனக்குப் பல ஆண்டு ஆதங்கம்.

இந்த விதி இல்லையென்றால் என்ன நடக்கும் என்று பாருங்கள். நீங்கள் அடித்த அதே பந்து நான்கைந்து விநாடி ஆகாயத்தில் இருக்கிறது. இரண்டாம் பேஸில் நிற்கும் ரன்னர் என்ன செய்வார்? பந்தைப் பிடித்துவிடுவார்கள் என்று நினைத்து பேஸை ஒட்டியே நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷார்ட்ஸ்டாப் வேண்டுமென்றே பந்தைக் கீழே விடுகிறார். பந்து விழுந்ததால் நீங்கள் முதல் பேஸுக்கு ஓட உரிமை பெறுகிறீர்கள். நீங்கள் வருவதால் முதல் பேஸில் நிற்பவர் இரண்டாவதுக்கும், இரண்டாவதில் நிற்பவர் மூன்றாவதுக்கும் போயே ஆக வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து தள்ளப்படும் நிலைக்குத்தான் ‘ஃபோர்ஸ்’ என்று பெயர். அப்போது ஃபீல்டர் ரன்னரைத் தொட வேண்டியதில்லை, பந்தோடு பேஸை மிதித்தாலே போதும். ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து மூன்றாவதுக்கு எறிகிறார், அங்கிருந்து இரண்டாவதுக்கு எறிகிறார்கள். இரண்டு அவுட்.

சரி, பந்து விழுந்துவிடும் என்று நினைத்து ரன்னர் முன்கூட்டியே ஓடினால்? ஷார்ட்ஸ்டாப் நிதானமாகப் பந்தைப் பிடிக்கிறார். அதிலேயே நீங்கள் அவுட். ஓடிய ரன்னர் திரும்பி வருவதற்குள் இரண்டாம் பேஸுக்கு ஒரு எறி. அப்போதும் இரண்டு அவுட். ஆக, ரன்னர் நின்றாலும் கெட்டார், ஓடினாலும் கெட்டார். கைக்கு வந்த பந்தைக் கீழே விடுவதற்கு ஃபீல்டருக்குப் பரிசு கிடைக்கிறது. 1890-களில் பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டர்கள் இந்தத் தந்திரத்தைத் தாராளமாகச் செய்ததால்தான் விதியே வந்தது.

அது தீர்க்கும் வழி எளியது. ஃபீல்டர் பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட் என்று அம்பயர் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார். பேட்டர் அவுட் ஆனதும் பின்னாலிருந்து தள்ள ஆளில்லை, ஃபோர்ஸ் அந்தக் கணமே போய்விடுகிறது. ரன்னர்கள் தங்கள் பேஸில் பத்திரமாக நிற்கலாம். அதாவது இந்த அவுட் உங்கள் அணியைத் தண்டிப்பதற்கு இல்லை. உங்களுடைய ஒரு அவுட்டை வாங்கிக்கொண்டு ரன்னர்கள் இருவரையும் காப்பாற்றுகிறது.

முதல் இரண்டு பேஸ்களிலோ மூன்று பேஸ்களிலுமோ ரன்னர்கள் இருந்து, இரண்டு அவுட் ஆகாமல் இருந்தால் மட்டுமே இந்த விதி. காரணம் மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. முதல் பேஸில் மட்டும் ரன்னர் இருந்தால், பேட்டர் ஒழுங்காக ஓடினாலே போதும், பந்தை விட்டு ஃபீல்டர் சாதாரணமாக ஒரு அவுட்தான் எடுக்க முடியும். இரண்டு அவுட் ஆகிவிட்டிருந்தால் பிடித்தாலே இன்னிங்ஸ் முடிந்துவிடும், பந்தை விடுவதில் யாருக்கும் லாபமில்லை.

இப்போது உங்கள் ரன்னர். ‘இன்ஃபீல்ட் ஃபிளை’ என்று கத்தியதும் ஆட்டம் நின்றுவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். நிற்பதில்லை, பந்து ஆட்டத்திலேயே இருக்கிறது. ரன்னர் விரும்பினால் ஓடலாம், ஆனால் அது முழுக்க அவர் பொறுப்பு. பந்து பிடிக்கப்பட்டிருந்தால் அவர் பழைய பேஸைத் தொட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். உங்கள் ஆட்டத்தில் பந்து விழுந்துவிட்டதால் அந்தக் கட்டுப்பாடும் இல்லை. அவர் மூன்றாவதுக்கு ஓடியது அனுமதிக்கப்பட்டதே. ஆனால் ஃபோர்ஸ் போய்விட்டதால், பந்து உள்ள கையாலோ கையுறையாலோ அவரைத் தொட்டால் மட்டுமே அவர் அவுட். பேஸை மிதித்தது செல்லாது.

உங்கள் கோச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பந்து கீழே விழுந்ததைக் கண்டதும் ‘ஓடு’ என்று கத்துவது இந்த ஆட்டத்தின் மிக மோசமான பழக்கம். எதிரணி ஃபீல்டர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். அறிவிப்பு வந்த பிறகு பந்தை நழுவவிட்டு, பதற்றத்தில் ஓடிவரும் ரன்னரை வழியில் தொட்டுப் பிடிப்பது பழைய வலை. பந்து தூரமாக உருண்டு ஓடினால் தவிர நின்ற இடத்திலேயே நிற்பதுதான் புத்திசாலித்தனம். ‘பந்து உள்புல்வெளியைத் தாண்டிவிட்டால் இந்த விதி கிடையாது’ என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் பயிற்சியாளர்களையும் பார்த்திருக்கிறேன். அதை நம்பாதீர்கள். விதியில் அப்படி ஒரு கோடே இல்லை. இன்ஃபீல்டர் ஒருவர் சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய பந்தா என்பது மட்டுமே கேள்வி, அவர் எங்கே நின்று பிடிக்கிறார் என்பது கேள்வியே இல்லை.

இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் 2012 அக்டோபர் 5 அன்று அட்லாண்டாவில் நடந்தது. அட்லாண்டா பிரேவ்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் 6–3 என்று பின்தங்கியிருந்தது. எட்டாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், முதல் இரண்டு பேஸ்களிலும் ரன்னர்கள். உங்கள் நிலையேதான். ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ் அடித்த பந்து இடது அவுட்ஃபீல்டுக்குள் வெகுதூரம் போனது. ஷார்ட்ஸ்டாப் பீட் கோஸ்மா பின்னால் நகர்ந்து போய்க் கையை உயர்த்தினார், கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார், பந்து விழுந்தது. அது விழுவதற்குச் சற்று முன்புதான் இடது கோட்டருகே நின்ற அம்பயர் சாம் ஹோல்ப்ரூக் கையைத் தூக்கியிருந்தார். பேட்டர் அவுட். மூன்று பேஸ்களிலும் ஆள், ஒரே அவுட் என்று கொண்டாடிக்கொண்டிருந்த ரசிகர்கள் பாட்டில்களை மைதானத்துக்குள் எறிய, ஆட்டம் 19 நிமிடம் நின்றது. ஓடிப் போயிருந்த ரன்னர்கள் இரண்டாவது, மூன்றாவது பேஸ்களிலேயே இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள், அவர்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அடுத்தவர் நான்கு தவறான வீச்சுகள் பெற்று முதல் பேஸுக்குப் போனார், அதற்கடுத்தவர் ஸ்டிரைக் அவுட். பிரேவ்ஸ் கொடுத்த முறையீடு, இது அம்பயரின் மதிப்பீடு சார்ந்த முடிவு என்று தள்ளுபடியானது.

இடத்தை வைத்து அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. என் குறை நேரத்தைப் பற்றியது. ரன்னர்களைக் காப்பாற்ற வந்த அறிவிப்பு அவர்கள் காதில் விழுவதற்குள் பந்து தரையில் விழுந்துவிட்டால் என்ன பயன்? ஆட்டம் இந்த நிலைக்கு வந்ததுமே, பந்து வீசப்படும் முன்பே, நல்ல அம்பயர்கள் தொப்பியின் விளிம்பைத் தொட்டு ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்வார்கள். பந்து உச்சத்தை எட்டும்போது பந்தைப் பார்க்க மாட்டார்கள், ஃபீல்டரைப் பார்ப்பார்கள். அவர் கால்கள் நின்றுவிட்டனவா, முகம் ஹோம் பிளேட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டதா, கையுறை மேலே வந்துவிட்டதா? ஆமென்றால் அறிவிப்பார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அறிவிக்க மாட்டார்கள். சாதாரண முயற்சி என்பது அந்தந்த லீக்கின் சராசரி ஆட்டக்காரரை வைத்துக் கணக்கிடுவது, காற்றும் மைதானமும் அதில் சேரும். தொலைக்காட்சியில் பார்த்த அளவுகோலைச் சிறுவர் ஆட்டத்தில் கொண்டுவந்து வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த சண்டை அதில்தான் வரும். ஹோம் பிளேட்டிலிருந்து முதல், மூன்றாம் பேஸ்கள் வழியாகப் போகும் எல்லைக் கோட்டருகே பந்து எழும்பினால் அம்பயர் ‘இன்ஃபீல்ட் ஃபிளை, ஃபேர் என்றால்’ என்று அறிவிக்க வேண்டும். பந்து மூன்றாம் பேஸுக்கு முன்னால் கோட்டுக்கு உள்ளே விழுகிறது, யாரும் தொடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே எழும்பிய பந்தில் சுழற்சி அதிகம், தரையில் பட்டதும் கோணலாக உருளும். அது பேஸைத் தாண்டும் முன்பே கோட்டுக்கு வெளியே போய் நின்றால் ஃபவுல். அறிவிப்பு ரத்தாகிறது, பேட்டர் அவுட் இல்லை, மறுபடியும் ஆடலாம், ஓடிய ரன்னர்கள் எல்லோரும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இதற்கு நேர்மாறாக, வெளியே விழுந்த பந்தை யாரும் தொடாமல் அது பேஸுக்கு முன்பே உள்ளே உருண்டு நின்றால் ஃபேர், பேட்டர் அவுட். நடுவில் ஃபீல்டர் தொட்டுவிட்டால், தொட்ட கணத்தில் பந்து கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதே முடிவு. அவர் கால் எங்கே இருந்தது என்பது கணக்கில் வராது. ஆகவே கோட்டருகே எழும்பும் பந்துக்கு, அவுட் என்று கேட்டதும் மட்டையை எறிந்துவிட்டு நடையைக் கட்டாதீர்கள், முதல் பேஸை நோக்கி ஓடுங்கள்.

உங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். பந்து சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடியதா என்பதில் அம்பயரோடு வாதிட்டுப் பயனில்லை, அது மதிப்பீடு. தொடாமல் ரன்னரை அவுட் என்றது அப்படியல்ல, விதியைத் தவறாகப் பிரயோகித்தது. முறையீட்டை அனுமதிக்கும் லீக்குகளில் இதற்கு இடம் உண்டு. ஆனால் அடுத்த பந்து வீசப்படுவதற்குள், இன்னிங்ஸ் முடிந்தது என்று அறிவித்துவிட்டால் அணிகள் இடம் மாறுவதற்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். கேப்டனோ கோச்சோ தனியாகப் போய், ‘பேட்டர் அவுட் என்று அறிவித்துவிட்டீர்கள், ஆகவே ஃபோர்ஸ் இல்லை. ரன்னரைத் தொட்டதை யார் பார்த்தீர்கள்?’ என்று மட்டும் அமைதியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலான அம்பயர்கள் சக அம்பயரிடம் பேசிவிட்டு முடிவை மாற்றிக்கொள்வார்கள். மாற்ற மறுத்தால், அந்த இடத்திலேயே ‘இந்த ஆட்டத்தை முறையீட்டின் பேரில் ஆடுகிறோம்’ என்று சொல்லி, ஸ்கோர் எழுதுபவரிடம் இன்னிங்ஸ், அவுட் எண்ணிக்கை, ரன்னர்கள் நின்ற பேஸ்கள் ஆகியவற்றோடு பதிவு செய்யச் சொல்லுங்கள்.