கோயில் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக: கேள்வி பதில்

வருவாய்த் துறையில் பட்டா, குத்தகைப் பதிவு என்று காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். டெல்டா மாவட்டக் கோயில் நிலங்கள்தான் எனக்குப் பழக்கம். அதைச் சுற்றிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

கும்பகோணத்துக்காரர்: தாத்தா காலத்திலிருந்து கோயில் அடிமனையில் இருக்கிறோம். வீடு நாங்கள் கட்டியது. 12 வருஷம் அனுபவித்தாலே சொந்தம் என்கிறார்களே, எங்களுக்கு 70 வருஷம் ஆச்சு.

அந்த 12 வருஷக் கணக்கு, உரிமையாளரை எதிர்த்து "இது என் இடம்" என்று வெளிப்படையாக உட்கார்ந்தவருக்கு. உங்கள் தாத்தா அப்படி உட்காரவில்லை. கோயிலிடம் கேட்டு, வாடகை பேசி, ரசீது வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். வாடகைதாரராக வந்தவர், இடம் கொடுத்தவருக்கு உரிமை இல்லை என்று பிறகு வாதாட முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 116-வது பிரிவு, 2023-ல் வந்த புதிய சட்டத்தில் 122. ஆக, உங்கள் பீரோவில் இருக்கும் ஒவ்வொரு ரசீதும் "இடம் கோயிலுடையது" என்று உங்கள் குடும்பமே ஒப்புக்கொண்டதற்கான சாட்சி. 70 வருஷ ரசீது இருந்தால் 70 வருஷ ஒப்புதல்.

ரசீதே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கதை மாறாது. இந்து சமய அறநிலையச் சட்டம் 1959, பிரிவு 109-ஐப் பாருங்கள். கோயில் தன் நிலத்தை மீட்கப் போடும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது. எத்தனை வருஷம் ஆனாலும் கோயில் கேட்கலாம்.

"அந்தக் காலத்து தர்மகர்த்தா எங்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்" என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். அவரால் முடியாது. சாமி சட்டத்தின் கண்ணில் என்றைக்கும் மைனர், தர்மகர்த்தா வெறும் காப்பாளர். கோயிலின் அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, 5 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். அதுவும் கோயிலுக்கு அவசியம் அல்லது நன்மை என்று காட்டினால்தான் கிடைக்கும். இது பிரிவு 34. அனுமதி இல்லாத பத்திரம் செல்லாது.

உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. கட்டடம் உங்களுடையது. ராத்திரியோடு ராத்திரியாக ஆளை வைத்து யாரும் வெளியேற்ற முடியாது. நோட்டீஸ், இணை ஆணையர் முன் விசாரணை, எழுத்தில் உத்தரவு என்று முறைப்படி நடக்க வேண்டும். ஆனால் ஒன்று: குத்தகை முடிந்தோ ரத்தாகியோ இருப்பவரையும் அந்தச் சட்டம் ஆக்கிரமிப்பாளர் என்றே பார்க்கிறது. அதனால் வாரிசுப் பெயர் மாற்றம், வாடகை இரண்டையும் விட்டுவிடாதீர்கள். வாடகையை நிறுத்தாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் சில தடவை சொல்வேன்.

மயிலாடுதுறை வாசகர்: எங்கள் பெரியப்பா கோர்ட்டில் விலை கட்டிக் கோயில் மனையை வாங்கினாராம். அவருக்கு முடிந்தது எங்களுக்கு ஏன் முடியாது?

பெரியப்பா சொல்வது உண்மையாக இருக்கலாம். 1921-ம் வருஷத்து நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தில் 9-வது பிரிவு என்று ஒன்று உண்டு. காலி மனையை வாடகைக்கு எடுத்து வீடு கட்டியவர், தேவையான அளவு மனையைத் தனக்கே விற்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். 1996-ல் அந்தச் சட்டத்தைத் திருத்திக் கோயில், மடம் போன்றவற்றின் நிலங்களை வெளியே எடுத்துவிட்டார்கள். அப்போது நிலுவையில் இருந்த மனுக்களும் போயின. அந்தக் கதவு மூடி ரொம்ப நாளாச்சு.

திருவாரூர்: நிலப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆரில் அப்பா பெயருக்கே பட்டா வந்துவிட்டது. வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாம் எங்கள் பெயர்தான். இது போதுமா?

போதாது. பட்டா வருவாய்க் கணக்கு, கிரயப் பத்திரம் அல்ல. யு.டி.ஆர். சமயத்தில் யார் உழுகிறார், யார் குடியிருக்கிறார் என்று பார்த்து அவர் பெயரையே எழுதிவிட்டுப் போன கிராமங்கள் உண்டு. யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டில் சாமி பெயர் இருந்தால், கோயில் மனுப் போட்டு மாவட்ட வருவாய் அலுவலர் மூலம் மாற்றிவிடும். அந்தப் பட்டாவை நம்பி வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். விற்கப் போனாலும் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவைக் காட்டிச் சார்பதிவாளர் திருப்பி அனுப்புவார்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: நாங்களும் 45 வருஷமாக இருக்கிறோம் ஐயா. சொந்தமாகுமா?

முதல் பதில்.

தஞ்சாவூர்: வாடகை மாதம் 85 ரூபாய் கட்டி வந்தேன். இப்போது நியாய வாடகை 1,250 என்று நோட்டீஸ். 1,250 சதுர அடி, சதுர அடி 1,000 ரூபாய், அதில் 0.1 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். இது அநியாயம் இல்லையா?

அநியாயமா என்பதை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். மனை மதிப்பு 12,50,000. அதில் 0.1 சதவீதம் 1,250. பெருக்கல் சரி. நீங்கள் பார்க்க வேண்டியது பெருக்குவதற்கு எடுத்துக்கொண்ட எண்களை. டேப் பிடித்து மனையை அளந்து பாருங்கள். பொதுச் சந்தும் பக்கத்து மனையும் சேர்ந்து அளக்கப்பட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அடுத்து, சதுர அடி 1,000 என்பது உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பா, கடைவீதியினுடையதா என்று பாருங்கள். திண்ணையில் தையல் மிஷின் போட்டிருக்கிறீர்களா? வணிகம் என்று எழுதிவிட்டால் 0.3 சதவீதமாகி 3,750-க்குப் போய்விடும். உங்களுக்குக் குடியிருப்பு என்றே போட்டிருக்கிறார்கள், அதைக் கிளறாதீர்கள்.

அளவோ மதிப்போ தப்பு என்றால் அறநிலையச் சட்டம் 34-ஏ பிரிவின் கீழ் 30 நாளுக்குள் ஆணையருக்கு மேல்முறையீடு. சண்டை முடியட்டும் என்று வாடகையை நிறுத்தாதீர்கள். வாங்க மறுத்தால் வரைவோலை எடுத்து ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள். பாக்கி விழுந்தால் குத்தகையை ரத்து செய்ய 34-பி இருக்கிறது. உரிமை வழக்கில் தோற்றவர்களை விட பாக்கியில் வெளியே போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

வலங்கைமான் விவசாயி: 2 ஏக்கர் நஞ்சை, அப்பா பெயரில் குத்தகைப் பதிவு. அப்பா போன மாதம் தவறிவிட்டார். கோயில் செயல் அலுவலர் நிலத்தை ஏலம் விடுவேன் என்கிறார்.

விட முடியாது தம்பி. நீங்களே இறங்கிச் சாகுபடி செய்பவராக இருந்தால், 1955-ம் வருஷத்துச் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம் வாரிசான உங்களுக்கும் உண்டு. வெளியேற்ற வருவாய் நீதிமன்ற உத்தரவு வேண்டும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றோடு போய்க் குத்தகைப் பதிவேட்டில் உங்கள் பெயரை ஏற்றுங்கள். இந்தப் போகத்துக் குத்தகை நெல்லைக் கோயில் வாங்கவில்லை என்றால் வருவாய் நீதிமன்றத்தில் கட்டலாம். உள்குத்தகைக்கு மட்டும் விடாதீர்கள், கையை விட்டுப் போய்விடும். இது உழும் உரிமை, நில உரிமை அல்ல. ஆனால் மனைக்காரர்களுக்கு இருப்பதை விட உங்கள் பிடி கெட்டி.

அம்பாசமுத்திரம் வாசகர்: நீங்கள் எல்லாரையும் குத்தகைக்காரர் ஆக்குகிறீர்கள். எங்கள் ஊரில் கோயிலுக்கு மேல்வாரம், அதாவது வரி வாங்கும் உரிமை மட்டும்தான். குடிவாரம், அதாவது நிலத்தின் மேலான உரிமை எங்களுடையது. 1963 இனாம் ஒழிப்புச் சட்டத்தில் குடிவாரதாரருக்கே பட்டா கொடுத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு வந்ததில் உருப்படியான கேள்வி இதுதான். நீங்கள் சொல்வது நடந்திருக்கிறது. இனாம் என்றால் சில இடத்தில் நிலத்தையே சாமிக்குக் கொடுத்தார்கள். சில இடத்தில் அரசுக்கு வர வேண்டிய வரியை மட்டும் சாமிக்குத் திருப்பிவிட்டார்கள். இரண்டாவது வகையில் நிலம் குடியானவருடையது, கோயில் வரி வாங்கியது, அவ்வளவுதான். 1963 சட்டப்படி இனாம்களை ஒழித்தபோது செட்டில்மென்ட் தாசில்தார் ஊர் ஊராக இதைத்தான் விசாரித்தார். இருவாரமும் கோயிலுக்கு என்றால் கோயிலுக்குப் பட்டா, குடிவாரம் வேறொருவருக்கு என்றால் அவருக்கு.

ஒரு பக்தர் (இடையில்): தப்பு. இனாம் என்றாலே நிலம் சாமிக்குத்தான். இப்படிச் சொல்லிச் சொல்லியே கோயில் நிலம் எல்லாம் போச்சு.

நிலம் போனது உண்மை. ஆனால் இனாம் என்றாலே நிலம் என்பது சரியில்லை. 1860-களில் இனாம் கமிஷன் எழுதிய பதிவேட்டையும் கோயிலுக்குக் கொடுத்த உரிமைப் பத்திரத்தையும் பார்க்காமல் இரண்டு பக்கமும் பேசக் கூடாது. அந்தப் பதிவேட்டிலேயே சில இடத்தில் தெளிவாக இருக்காது என்பது வேறு தலைவலி.

அம்பாசமுத்திரம் வாசகர்: எங்களிடம் 1938-ல் எழுதின கிரயப் பத்திரம் இருக்கிறது. "குடிவாரப் பாத்தியம்" என்றே எழுதியிருக்கிறது.

அது கனமான காகிதம். 1963-க்கு முன்பே கோயிலைக் கேட்காமல் விற்றது, அடமானம் வைத்தது, பாகம் பிரித்தது எல்லாம் குடிவாரத்துக்கு அடையாளம். குத்தகைக்காரர் அப்படி விற்க மாட்டார். பிறகு கோயிலுக்குக் குத்தகைச் சீட்டு ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா?

அம்பாசமுத்திரம் வாசகர்: 1951-ல் தாத்தா ஒன்று எழுதியிருக்கிறார். பயமுறுத்திக் கையெழுத்து வாங்கினதாக வீட்டில் சொல்வார்கள்.

பக்தர்: பார்த்தீர்களா!

அவசரப்படாதீர்கள். ஏற்கெனவே சொந்தக்காரராக நிலத்தில் இருந்தவர் பிறகு சீட்டு எழுதினால், குத்தகைக்காரராக உள்ளே வந்தவரைப் போலவே அவர் வாயும் கட்டப்படுமா என்பது வாதத்துக்குரிய விஷயம். இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கிறது. அதை விடப் பெரிய கேள்வி, செட்டில்மென்ட் தாசில்தார் உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன உத்தரவு போட்டார் என்பது. கோயிலுக்குப் பட்டா என்று போட்டு, உங்கள் வீட்டார் மேல்முறையீட்டுக்குப் போகாமல் விட்டிருந்தால் 1938 பத்திரம் ரொம்ப இளைத்துவிடும். அந்த உத்தரவின் நகலை எடுங்கள். அதைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், பக்தரும் சொல்ல வேண்டாம்.

பக்தர்: நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி.

சீர்காழி: 2019-ல் கோயில் நிலத்தில் இருக்கும் ஏழைகளுக்குப் பட்டா என்று அரசாணை வந்ததே?

வந்தது, 318 எண். உயர் நீதிமன்றம் கைவைத்து நிறுத்தியது. அதைக் காட்டி மனு எழுதித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

நாகூர்: எங்களுடையது வக்ஃபு இடம். இதே சட்டம்தானா?

இல்லை, தனிச் சட்டம். காலவரையறை விஷயத்தில் 2025 திருத்தம் நிறைய மாற்றிவிட்டது. வக்ஃபு வழக்கு நடத்தும் வக்கீலைப் பாருங்கள்.

மன்னார்குடி: வாடகையை நிறுத்திவிட்டு 12 வருஷம் சும்மா இருந்துவிட்டால்?

மேலே எதையுமே படிக்கவில்லை என்று தெரிகிறது. 12 வருஷம் கழித்து உங்களிடம் இருக்கப் போவது 144 மாத பாக்கி.

திருவையாறு: கோயில் அடிமனையில் இருக்கும் வீடு 18 லட்சத்துக்கு வருகிறது. அதே தெருவில் சொந்த மனை வீடு 40 லட்சம். வாங்கலாமா?

நீங்கள் வாங்குவது செங்கல், மரம், ஓடு. மனை வராது. விற்பவர் பெயரில் பாக்கி எவ்வளவு என்று கோயில் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். உங்களை வாடகைதாரராக ஏற்கும் உத்தரவு வருவதற்கு முன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள். "பெயர் மாற்றம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விற்பவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த வீட்டின் வயது, மரத்தின் நிலை பார்த்துக் கட்டடத்துக்கு மட்டும் ஒரு கொத்தனாரை மதிப்புப் போடச் சொல்லுங்கள். 18 லட்சம் வராது என்றுதான் நினைக்கிறேன்.