ஒரே பாயில் படுத்தாலும் மூத்தவளுக்கு ஏன் லேசாகப் போகும்

“உப்புவெளியில இருக்கிறம். மூத்தவளுக்கு மூன்று வருசத்துக்கு முன்னம் கொப்புளிப்பான் வந்தது. இப்ப சின்னவனுக்கு. இரண்டு பேரும் ஒரே பாயில் படுக்கிறவை. அவளுக்குத் திரும்ப வருமா?”

பெரும்பாலும் வராது. வந்தாலும் சில கொப்புளங்களோடு போய்விடும்.

முதல் தரம் இந்த வைரசை அடையாளம் காணும் கலங்கள் அவள் உடம்பில் மிகச் சிலதான் இருந்தன. அவை பெருகிப் பலன் தரவே ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். அதற்குள் வைரஸ் தோல் முழுக்கப் பரவிவிட்டது. நோய் மாறியதும் பெருகிய கலங்களில் பெரும்பகுதி செத்துவிடும்; மிஞ்சி நிற்பவைதான் நினைவுக் கலங்கள். அதே வைரஸ் திரும்ப வந்தால், இவற்றில் பி வகைக் கலங்கள் வைரசில் ஒட்டி அதை முடக்கும் பிறபொருளெதிரியைச் சுரக்கும் கலங்களாக மாறும், ரி வகைக் கலங்களில் ஒரு பகுதி தொற்றிய கலங்களைக் கொல்லும். இம்முறை எண்ணிக்கையும் கூட, சில நாட்களிலேயே வேலை தொடங்கிவிடும். கொப்புளிப்பானோ தொற்றி வெளியே தெரிய 10 முதல் 21 நாள் எடுக்கிற மெத்தனமான நோய். தோலுக்கு வருமுன்னமே பிடிபட்டுவிடும்.

இந்தக் கணக்கை டெங்குவுக்குப் போடாதேங்கோ. அதில் நாலு வகை. ஒரு வகைக்கு உண்டான பிறபொருளெதிரி வேறு வகையில் ஒட்டும், ஆனால் முடக்காது. சிலவேளை வைரசைக் கலத்துக்குள் கொண்டுபோயும் விடும். அதனால்தான் இரண்டாம் டெங்கு கடுமையாகலாம்.

சின்னவனின் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை, கொப்புளிப்பான் வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணிகளை வீட்டுப் பக்கம் வரவிடாதேங்கோ. அவர்களிடம் இந்த நினைவுக் கலங்கள் இல்லை.