கடைசி பெக்குக்குப் பிறகும் ஏறும் போதை

கேள்வி: இரவு பத்து மணிக்குக் கடைசி பெக்கை ஒரே மடக்கில் முடித்தேன். அப்போது தெளிவாகத்தான் இருந்தேன். அதன் பிறகு ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ஆனால் முக்கால் மணி நேரத்தில் தலை சுற்றி, நாக்கு குழற ஆரம்பித்துவிட்டது. இது எப்படி, டாக்டர்?

பதில்: பத்து மணிக்கு நீங்கள் முடித்தது கிளாஸில் இருந்ததைத்தான். அது அப்போது ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை, இரைப்பையில் இருந்தது. இரைப்பைச் சுவர் ஆல்கஹாலில் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும். பெரும்பகுதி சிறுகுடலுக்குப் போன பிறகுதான் ரத்தத்தில் கலக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தசை வாசல், உள்ளே இருப்பதைச் சிறிது சிறிதாகத்தான் விடும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இன்னும் மெதுவாக விடும். வெறும் வயிற்றில் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும் அளவு, சாப்பிட்டவருக்கு இரண்டு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டால் உச்சம் பொதுவாகக் குறையும். ஆனால் தாமதமாக வரும் என்பதால், 'ஒன்றும் ஏறவில்லையே' என்று இன்னொன்றை ஊற்றிக்கொள்பவர்கள் நிறைய.

கல்லீரலும் சும்மா இல்லை. ஆனால் அதன் நொதிகள் கொஞ்சம் ஆல்கஹால் வந்ததுமே முழு வேகத்தை எட்டிவிடும், அதற்கு மேல் அவசரப்படுத்த முடியாது. 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும், அவ்வளவுதான். வரவு செலவைவிட அதிகமாக இருக்கும்வரை அளவு ஏறிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் 70 கிலோ எடையுள்ள ஆண், பத்து மணிக்கு உங்கள் 100 மில்லி ரத்தத்தில் 40 மில்லிகிராம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதச் சரக்கு 60 மில்லியில் ஏறக்குறைய 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அது முழுக்கக் கலந்தால் இன்னொரு 40 சேரும். ஒரு மணி நேரத்தில் கலந்தால், கல்லீரல் 15-ஐக் கழித்த பிறகும் பதினொரு மணிக்கு 65. பத்து மணிக்கு வண்டி ஓட்டலாம் என்று தோன்றியவர், வழியில்தான் உச்சத்தைத் தொடுவார். அந்த 65 முழுக்க இறங்க விடியற்காலை மூன்று மணி தாண்டிவிடும். காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது. அதே எடையுள்ள பெண்ணுக்கு, உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், அளவு இன்னும் கூடும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. கடைசி ரவுண்டை மளமளவென்று குடித்துவிட்டு ஒருவர் சரிந்து தூங்கினால், 'தூங்கட்டும், தெளிந்துவிடும்' என்று விட்டுவிடுகிறார்கள். தூக்கத்திலும் அளவு ஏறும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள். வாந்தி வரவழைக்கவும் வேண்டாம், புரையேறிவிடும். உலுக்கினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம் பாய்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.