காசு கேட்டனீங்களோ, இரத்தம் கேட்டனீங்களோ?

கேள்வி: நல்லாத்தான் பேசிக்கொண்டு போறன், முடிவு வரேக்க மட்டும் "ம்ம்... அவ்வளவுதான், நன்றி" எண்டு இழுத்துட்டு இறங்கிடுறன். எப்பிடி முடிக்கிறது?

எனக்கும் இதே வருத்தம்தான் இருந்தது. வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட் ஆக்கள் சேர்ந்து இரத்ததான முகாம் வைக்க வெளிக்கிட்டம், அதுக்கு ஆள் சேர்க்கிற கூட்டத்தில நான்தான் பேச்சு. பத்து நிமிசம் நல்லாத்தான் கதைச்சன், கடைசியில "ஆகவே எல்லாரும் உங்களால முடிஞ்ச ஒத்துழைப்பத் தாங்கோ, வேற என்ன... நேரமும் போட்டுது, நன்றி" எண்டு முடிச்சன். கை தட்டிச்சினம், ரோல்ஸ் சாப்பிட்டுப் பிளேன்டீ குடிச்சிச்சினம், பேர் குடுத்தது மூண்டே மூண்டு பேர், அதில ஒராள் என்ர மச்சான். படியால இறங்கேக்க ஒரு அன்ரி கேட்டா, "தம்பி, நீங்க காசு கேட்டனீங்களோ, இரத்தம் கேட்டனீங்களோ?" பிழை எங்க எண்டு அப்பதான் விளங்கிச்சு. "ஒத்துழைப்பு" எண்டா ஆர், என்ன, எப்ப செய்யிறது?

அடுத்த கூட்டத்துக்குக் கடைசி வசனத்தத்தான் முதல்ல எழுதினன், அத மட்டும் பாடமாக்கினன். இப்பிடி: "18இல இருந்து 60 வயசுக்குள்ள, 50 கிலோவுக்குக் குறையாம இருக்கிற ஆக்கள், கடைசியா இரத்தம் குடுத்து நாலு மாசம் முடிஞ்சிருந்தா, கதிரையில கிடக்கிற துண்டில பேரும் ஃபோன் நம்பரும் எழுதி வாசல்ல நிக்கிற தங்கச்சிட்ட குடுத்துட்டுத் தேத்தண்ணிக்குப் போங்கோ. முகாம் வாற ஞாயிறு காலம 9 மணிக்கு, இதே ஹோல்ல." அவ்வளவுதான், அதுக்குப் பிறகு வாயத் திறக்கேல்ல. அந்த அஞ்சு செக்கன் சும்மா நிக்கிறது பெரிய பாடு, "நன்றி வணக்கம்" எண்டு நாக்கு நுனியில வந்து நிக்கும். ஆனா அதச் சொன்ன உடன சனம் கை தட்டத் தொடங்கிடும், பேனை எடுக்காது. கேள்வி நேரத்தையும் அதுக்கு முன்னமே முடிச்சுட்டன், இல்லாட்டி கடைசியா காதில விழுறது ஆரோ ஒரு ஐயா பார்க்கிங் பற்றிக் கேட்டதாத்தான் இருக்கும்.

அமெரிக்காவில அலன் மன்றோ எண்டவர் 1930களில சொன்ன அஞ்சு படி முறையிலயும் கடைசிப் படி இதுதான், கேக்கிற ஆள் என்ன செய்யோணும் எண்டு சொல்றது. அதுக்கு முந்தின படி, செய்தா என்ன நடக்கும் எண்டு கண்ணுக்கு முன்னால காட்டுறது. அதால எங்கட மாடியிலயே ஒராளுக்கு ஒப்பரேஷனுக்கு இரத்தம் தேடி ஓடின இரவ ரெண்டு வசனத்தில சொல்லிப்போட்டுத்தான் துண்டப் பற்றிக் கதைச்சன்.

ரெண்டு விசயம் மட்டும் சேர்த்துக் கேக்காதேங்கோ. செயலாளர் "டொனேஷனும் சொல்லிவிடும்" எண்டு நிண்டார், நான் மாட்டன் எண்டுட்டன். மற்றது, எல்லாப் பேச்சுக்கும் இது சரிவராது, செத்தவீட்டில அஞ்சலி சொல்லிப்போட்டுத் துண்டு நீட்டேலாது.

அண்டைக்கு 22 துண்டு வந்தது. சனி பின்னேரம் எல்லாருக்கும் கோல் எடுத்தும் ஞாயிறு வந்தது 14 பேர், அதிலயும் ரெண்டு பேரை ஹீமோகுளோபின் காணாதெண்டு திருப்பி அனுப்பிட்டினம். அந்த அன்ரிக்கு வயசு கூட, ஆனா மகனக் கூட்டிக்கொண்டு வந்தா.