‘சடங்குப் புகையிலை’ கெடுதல் செய்யாதா?

கேள்வி: என் தம்பி கடை சிகரெட்டை விட்டுவிட்டான். அதற்குப் பதிலாக, ‘அமெரிக்கப் பழங்குடிகள் சடங்கில் பயன்படுத்திய அசல் இலை, ரசாயனம் சேராதது’ என்று ஒருவரிடம் பொட்டலம் வாங்கித் தானே சுருட்டிப் புகைக்கிறான். ‘அவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புகைத்தும் ஒன்றும் ஆகவில்லை, வியாபாரிகள் கைக்குப் போன பிறகுதான் கெட்டது’ என்கிறான். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஆனால் அவர் சொல்வதில் பாதி சரி, அதுதான் சிக்கல். வியாபாரிகள் கைக்குப் போன பிறகு புகையிலை மாறியது உண்மைதான். அந்த மாற்றம் ரசாயனத்தால் வந்தது என்று நினைக்கிறார் பாருங்கள், அங்கேதான் விற்றவர் அவரைப் பிடித்துப்போட்டிருக்கிறார்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சிகரெட்டைச் சுமார் பத்து முறை இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 20 என்றால் 200 இழுப்பு. வருடத்துக்கு 73,000. சடங்கில் ஒரு புகைக்குழாய் கைமாறிச் சுற்றிவரும். ஒருவருக்கு நாலு இழுப்பு, மாதம் ஒரு சடங்கு என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 48. அதிலும் பல இடங்களில் புகையை வாயில் வைத்திருந்து வெளியே ஊதிவிடுவார்கள், நெஞ்சுக்குள் இறக்குவதில்லை. வட அமெரிக்காவின் ஹோடெனோசோனி பழங்குடி மக்களிடம் இலையை நெருப்பில் போட்டு, எழும் புகையோடு பிரார்த்தனையை அனுப்பும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தில் யாரும் புகைப்பதே இல்லை. சமவெளிப் பழங்குடிகளின் குழாயில் புகையிலையோடு சில செடிகளின் இலையும் மரப்பட்டையும் பாதிக்குப் பாதிகூடக் கலந்திருக்கும். உங்கள் தம்பி சுருட்டுவது நாளைக்கு எத்தனை? அதை வருட இழுப்பாக மாற்றிப் பார்த்து அந்த எண்ணிக்கை 48-க்குப் பக்கத்தில் வராதவரை, பழங்குடிகளைச் சாட்சிக்குக் கூப்பிட அவருக்கு உரிமை இல்லை.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். இதை விட்டால் யாராவது கடிதம் எழுதிக் கேட்பார்கள், சரியாகவும் கேட்பார்கள். எல்லா இடத்திலும் அது சடங்கு மட்டுமாக இருக்கவில்லை. 1519-ல் மெக்சிகோவுக்குள் நுழைந்த ஸ்பானியப் படையில் இருந்த பெர்னால் டியாஸ், பேரரசர் மொக்டெசூமா சாப்பிட்டு முடித்ததும் அவருக்கு வண்ணம் தீட்டிய குழல்களைக் கொடுத்தார்கள் என்கிறார். உள்ளே மணமுள்ள பிசினும் புகையிலையும். கொஞ்சம் இழுத்துவிட்டு அப்படியே தூங்கிப்போவாராம். அங்கே பெருவணிகர்கள் கொடுக்கும் விருந்துகளிலும் விருந்தாளிகளுக்குப் புகைக்குழல் நீட்டினார்கள் என்று சஹகூன் என்ற துறவி விரிவாக எழுதியிருக்கிறார். ஆக, சுகத்துக்காகப் புகைப்பதை ஐரோப்பியர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருந்தாலும் கவனியுங்கள்: அது சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம், விருந்தில் மரியாதைக்கு ஒன்று. கையில் பெட்டி, பையில் தீக்குச்சி, பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒன்று என்ற பழக்கம் அங்கும் இல்லை. இன்னொரு பக்கம், தென் அமெரிக்காவில் ஓரினோகோ ஆற்று முகத்துவாரத்து வராவோ சாமியாடிகள் நீண்ட சுருட்டுகளை மயக்கம் வரும்வரை உள்ளிழுத்தார்கள். அது மிதமான பழக்கமே அல்ல. நிகோட்டின் நஞ்சாக வேலை செய்யும் எல்லைவரை வேண்டுமென்றே போனார்கள். ஊருக்கே அந்தப் பழக்கம் இருந்ததாக விற்பவர் சொன்னால் அது கதை.

சரி, 48 எப்படி 73,000 ஆனது?

ஐரோப்பாவில் புகையிலை மருந்து வேடத்தில்தான் நுழைந்தது. 1560 வாக்கில் லிஸ்பனில் இருந்த பிரெஞ்சுத் தூதர் ஜான் நிக்கோ அதைத் தன் நாட்டு அரசவைக்கு அனுப்பினார். நிகோட்டின் என்ற பெயரே அவரிடமிருந்து வந்தது. 1571-ல் செவில் நகர மருத்துவர் மொனார்டெஸ், தலைவலி முதல் புண்வரை ஒரு பெரிய பட்டியல் போட்டு எல்லாவற்றுக்கும் இது மருந்து என்றார். ‘இயற்கை’, ‘பழங்குடி ரகசியம்’ என்று விற்பது அன்றைக்கே தொடங்கிவிட்டது. அரசாங்கங்களின் கூத்து தனி. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604-ல் புகைப்பதைக் கடுமையாகத் திட்டி எழுதினார். பவுண்டுக்கு 2 பென்ஸ் இருந்த சுங்கத்தை 6 ஷில்லிங் 10 பென்ஸ் ஆக்கினார், அதாவது 41 மடங்கு. சில வருடங்களில் அதே அரசு அந்த வருமானத்தை விட மனமில்லாமல் தன் குடியேற்றத்தில் விளைவதற்குச் சலுகை கொடுத்தது. திட்டுவதும் வரி வாங்குவதும் ஒரே கை. நானூறு வருடமாக இதே நாடகம்தான். பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

அந்தக் குடியேற்றம் வட அமெரிக்காவின் வர்ஜீனியா. அங்கிருந்த பவாட்டன் மக்கள் வளர்த்தது நிகோட்டியானா ரஸ்டிகா என்ற காரமான இனம். ஆங்கிலேயர் நாக்குக்கு அது ஒத்துவரவில்லை. ஜான் ரால்ஃப் என்பவர் ஸ்பானியர் ஆதிக்கத்தில் இருந்த பகுதியிலிருந்து நிகோட்டியானா டபாக்கம் என்ற மென்மையான இனத்தின் விதையைக் கொண்டுவந்து 1612-ல் நட்டார். லண்டனில் விலைபோனது அதுதான். இன்று உலகத்தில் விற்கும் இலையில் மிகப் பெரும்பகுதி இந்த டபாக்கம் வகை. உங்கள் தம்பியின் பொட்டலத்தில் இருப்பதும் அநேகமாக இதுவே. பெட்டியில் இறகு சூடிய தலை வரைந்திருப்பதால் இலை ரஸ்டிகா ஆகிவிடாது. ஒருவேளை உண்மையிலேயே ரஸ்டிகாவாக இருந்தால் இன்னும் மோசம். அதில் நிகோட்டின் பல மடங்கு அதிகம். வாந்தி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுவது எல்லாம் வந்தால் அது ‘சுத்திகரிப்பு’ இல்லை, நஞ்சேறியதன் அடையாளம்.

சேர்மானமும் புதிதல்ல. பிரேசிலின் பஹியாவில் நல்ல இலையை லிஸ்பனுக்கு அனுப்பிவிட்டு, கழித்துப்போட்ட மட்ட ரகத்தைக் கயிறாக முறுக்கி, வெல்லப்பாகு தடவி, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அதைக் கொடுத்து அடிமைகளை வாங்கினார்கள். கழிவை இனிப்புப் பூசி விற்றது சிகரெட் கம்பெனி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நடந்தது.

இத்தனைக்குப் பிறகும் புகை வாயோடுதான் பெரும்பாலும் நின்றது. குழாய், சுருட்டு எதுவானாலும் அப்படித்தான். காரணம் எளிது. நிழலில் காற்றாட உலர்த்திய கறுத்த இலையின் புகை காரத்தன்மை உள்ளது. தொண்டையை அறுக்கும், நெஞ்சுக்குள் இழுத்தால் இருமல் வரும். ஆனால் அந்தப் புகையிலிருந்து நிகோட்டின் வாயின் தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும். அதனால் உள்ளே இழுக்கத் தேவையும் இல்லை.

இதைப் புரட்டிப்போட்டது 1839-ல் நடந்த ஒரு தூக்கம். வட கரோலினாவின் காஸ்வெல் கவுண்டியில் ஸ்லேட் என்ற பண்ணைக்காரரிடம் ஸ்டீபன் என்ற அடிமை இருந்தார். இலை உலர்த்தும் கொட்டகையில் இரவு நெருப்பைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது நெருப்பு அணையும் நிலை. கொல்லுப்பட்டறைக் கரியை அள்ளிப் போட்டார். திடீரென்று சூடு ஏறியதில் இலை பழுப்பாகாமல் பொன்மஞ்சளாக நின்றது. கண்டுபிடிப்பின் பலன் அவருக்குப் போகவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பின்னால் நெருப்பை வெளியே வைத்து, உலோகக் குழாய் வழியாகச் சூட்டை மட்டும் உள்ளே செலுத்தினார்கள். முதலில் மிதமான சூட்டில் இலை மஞ்சளாகும்போது அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்த நிலையில் சூட்டை ஏற்றி உலர்த்திவிட்டால் சர்க்கரை அப்படியே இலையில் தங்கிவிடும். சர்க்கரை அதிகமுள்ள இலையின் புகை லேசான அமிலத்தன்மை பெறுகிறது. அது தொண்டையை உறுத்தாது. ஆனால் வாய் வழியாக நிகோட்டின் சரியாக ஏறாது, நெஞ்சுக்குள் இழுத்தால்தான் ஏறும். அப்படி இழுத்தால் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். பழக்கம் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். ஒரு துளி ரசாயனம் சேர்க்காமலே இது நடக்கிறது!

மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொண்டது. கையால் சுருட்டுபவர் நிமிடத்துக்கு நாலைந்து சிகரெட் செய்வார். பான்சாக் என்ற இளைஞர் 1881-ல் காப்புரிமை பெற்ற இயந்திரம் நிமிடத்துக்கு 200 செய்தது. டியூக் என்ற முதலாளி அதை எடுத்துக்கொண்டு சரக்கைக் குவித்தார். அமெரிக்காவில் வயதுவந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 1900-ல் சராசரி 54 சிகரெட், 1963-ல் 4,345.

இப்போது பொட்டலத்துக்கு வருவோம். ‘சேர்மானம் இல்லை’ என்ற வார்த்தையில் மயங்க வேண்டாம். எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். புகையிலைக்கே உரிய புற்றுநோய்ப் பொருள்கள் இலையை உலர்த்திப் பாடம் செய்யும்போதே உருவாகின்றன, யாரும் ஊற்றுவதில்லை. ‘சேர்மானம் இல்லை என்றால் பாதுகாப்பானது என்று பொருள் இல்லை’ என்ற வரியை விளம்பரத்தில் போட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2000-த்திலேயே ஒரு கம்பெனியை ஒத்துக்கொள்ள வைத்தது. ஆனால் வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டி விற்கும் தரகர்களை யார் பிடிப்பது? இப்படி ஒரு பொட்டலத்தைப் பற்றி நானே ஓர் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினேன். ‘உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது’ என்று பதில் வந்தது. அந்த உரிய பிரிவிலிருந்து நான் அனுப்பிய அதே கடிதம் எனக்கே திரும்பி வந்தது.

வீட்டில் நீங்களே பார்க்கலாம். பொட்டலத்தைப் பிரியுங்கள். இலை பொன்மஞ்சளாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் அது குழாய்ச் சூட்டில் உலர்த்திய வர்ஜீனியா வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதாவது 19-ம் நூற்றாண்டுச் சரக்கு, சடங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாயம் போட்டிருந்தால் நிறத்தை நம்ப முடியாது, அப்போது தம்பியிடமே கேளுங்கள்: புகை இருமல் இல்லாமல் நெஞ்சுக்குள் இறங்குகிறதா? காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் சுருட்டு வேண்டியிருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அவர் சிகரெட்டை விடவில்லை. காகிதத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்.

பழங்குடிகளை அவர் மறுபடி இழுத்தால் இதைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இன்று சிகரெட் பழக்கம் மிக அதிகமாக உள்ள சமூகங்களில் பூர்வகுடிகளும் இருக்கிறார்கள், அதனால் வரும் நோயும் அவர்களுக்கு அதிகம். அங்குள்ள பல பூர்வகுடி அமைப்புகளே சடங்குப் புகையிலை வேறு, கடைப் புகையிலை வேறு என்று தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகின்றன. சடங்கு இலையைத் தங்களுக்குள் பரிசாகக் கொடுத்து வாங்குவதே அவர்களிடம் வழக்கம், விற்பதைப் பலர் தவறாகவே நினைக்கிறார்கள். ‘சடங்கு இலை’ என்று பொட்டலத்தில் விலைச்சீட்டு ஒட்டி ஒருவர் விற்கிறார் என்றால், அந்தச் சீட்டே போதும் அவரைத் தெரிந்துகொள்ள.

தம்பி நிறுத்த நினைத்தால் நிகோட்டின் ஒட்டுப்பட்டியோ மெல்லும் கோந்தோ எந்த அளவில் வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். போகும்போது அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். நாளைக்கு எத்தனை சுருட்டுகிறார் என்பதை மறைக்காமல் சொன்னால்தான் அளவு சரியாக அமையும்.