பங்க் இசைக்குள் ஸ்கா வந்த வழி: கேள்வி பதில்

பங்க் என்றால் வேகம், கத்தல். ரெகே நிதானமான இசை. இரண்டும் எப்படி ஒட்டின?

போட இசைத்தட்டு இல்லாமல்தான்! 1977 தொடக்கத்தில் லண்டன் கோவன்ட் கார்டனில் ராக்ஸி என்ற கிளப்பில் பங்க் குழுக்கள் வாசித்தன. இடைவேளையில் போடுவதற்குப் பங்க் தட்டுகள் அவ்வளவாக வெளிவந்திருக்கவில்லை. அங்கே டிஜேயாக இருந்த டான் லெட்ஸ் ஜமைக்கக் குடும்பத்துப் பையன். தன்னிடம் இருந்த ரெகே, டப் தட்டுகளைப் போட்டார், பங்க் கூட்டத்துக்குப் பிடித்துப்போனது.

அதே ஆண்டு தி கிளாஷ் குழு ஜூனியர் மர்வினின் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' பாடலைத் தன் முதல் ஆல்பத்தில் வாசித்தது. ரெகேயை அப்படியே நகலெடுக்கவில்லை. ஒரு கிட்டார் தாள அடியிலேயே விழும், மற்றது இரண்டு அடிகளுக்கு நடுவே விழும். ஹெட்ஃபோனில் கேட்டால் தெரியும்.

ஸ்கா என்பது ரெகேயை வேகமாக வாசிப்பதுதானே?

காதுக்கு அப்படித் தோன்றும், ஆனால் வரிசை தலைகீழ். ஜமைக்காவில் முதலில் வந்தது ஸ்கா. 1966 வாக்கில் அது வேகம் குறைந்து ராக்ஸ்டெடி ஆனது, 1968 வாக்கில் ரெகே. வேகத்தைவிட பேஸ் கிட்டாரில்தான் வித்தியாசம். ஸ்காவில் பேஸ் அடிக்கு ஒரு ஸ்வரமாக நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். ரெகேயில் நிறைய இடம் விடும். பல ரெகே பாடல்களில் ட்ரம்ஸும் முதல் அடியைக் காலியாக விட்டுவிடும். அதனால் ரெகேயை வெறுமனே வேகப்படுத்தினால் ஸ்கா வராது, அவசரப்படுகிற ரெகேதான் வரும்.

மிருதங்கம் படிக்கிறேன். இது அரை இடம் தள்ளி எடுப்பது மாதிரியா?

எடுப்பு என்பது பாட்டு எங்கே தொடங்குகிறது என்பது. இங்கே பாட்டு முழுக்க, ஒவ்வொரு அடிக்கும் பிறகு அந்த அரை இடத்தில் கிட்டார் விழுந்துகொண்டே இருக்கும். தொடையில் தாளம் போடுங்கள். கை மேலே போகும்போதெல்லாம் 'சக்' என்று சொல்லுங்கள். ஸ்காவின் கிட்டார் அவ்வளவுதான்.

ரெகேயே கைவசம் இருக்கும்போது தி ஸ்பெஷல்ஸ் ஏன் பழைய ஸ்காவைத் தேடிப் போனார்கள்?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கவன்ட்ரி நகரத்துக் குழு அது, வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்தது. 1978இல் தி கிளாஷுக்கு முன்னால் மேடையேறியபோது பங்க் பாட்டும் ரெகே பாட்டும் கலந்து வாசித்தார்கள். பங்க்கில் குதிக்கும் கூட்டம், ரெகே வந்ததும் அப்படியே நின்றுவிடும். இரண்டும் மேடையில் தனித்தனியாகவே இருந்தன. கீபோர்டு வாசித்த ஜெரி டாமர்ஸ் கண்ட வழி ஸ்கா: அடிகளுக்கு நடுவே விழும் அதே ஜமைக்க ஆஃப்பீட், ஆனால் பங்க்குக்கு ஈடுகொடுக்கும் வேகம்.

1979இல் டாமர்ஸின் டூ டோன் லேபிளில் வந்த முதல் தட்டு தி ஸ்பெஷல்ஸின் 'கேங்ஸ்டர்ஸ்', ஜமைக்க ஸ்கா பாடகர் பிரின்ஸ் பஸ்டரின் 'அல் கபோன்' பாட்டின் மேல் கட்டியது. அதற்குமேல் குழுவின் கிட்டாரிஸ்ட் ராடி ரேடியேஷனின் பங்க் கிட்டார். அடுத்தடுத்து மேட்னஸ், தி செலக்டர், தி பீட் என்று அந்த லேபிளில் வந்தன.

தி போலீஸ் குழு இதில் சேருமா?

சேரும், வேறு வழியில். 1978இல் வந்த அவர்களின் 'சோ லோன்லி' பாட்டில் சரணம் ரெகே, பல்லவி வந்ததும் ராக் வேகம். கலக்கவில்லை, மாறிமாறி வாசித்தார்கள். பின்னாளில் ஸ்கா பங்க் பிடித்துக்கொண்ட அமைப்பும் அதுவே.

எங்கள் காலேஜ் பேண்டில் ஸ்கா பங்க் முயன்றோம். கிட்டார் ஒரே இரைச்சலாக இருக்கிறது. ஆம்ப் மாற்ற வேண்டுமா?

ஆம்பை விடுங்கள். ஸ்கா பகுதியிலும் டிஸ்டார்ஷன் ஓடுகிறது என்று நினைக்கிறேன், அதை அணையுங்கள். மேல்நோக்கிய அடியில் மெல்லிய மூன்று கம்பிகள் மட்டும் போதும். ஒலித்த உடனே இடதுகை அழுத்தத்தைத் தளர்த்துங்கள், விரலை எடுக்க வேண்டாம். நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில் ஓர் அடிக்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குதான். அதில் பாதி அமைதியாக இல்லாவிட்டால் ஆஃப்பீட்டே கேட்காது. 120இல் பழகி ஏற்றுங்கள். பல்லவியில் டிஸ்டார்ஷனைப் போட்டு, பவர் கார்டுகளைக் கீழ்நோக்கி அடியுங்கள். சரியாக வருகிறதா என்று பார்க்க ட்ரம்ஸை நிறுத்திவிட்டு வாசியுங்கள். தாளம் புரண்டால், ட்ரம்மர் உங்களைச் சுமந்துகொண்டிருந்தார் என்று அர்த்தம்.

ஆப்பரேஷன் ஐவிதான் முதல் ஸ்கா பங்க் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஃபிஷ்போன் 1979இலேயே லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிவிட்டதே?

நியாயமான சண்டை. ஃபிஷ்போனில் ஃபங்க் என்ற நடன இசையும் நிறைய உண்டு, அதனால் சிலர் சேர்ப்பதில்லை. எனக்கு அது சரியான காரணமாகப் படவில்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் கையில் எடுத்தது 1987 முதல் 1989 வரை பெர்க்லியில் இருந்த ஆப்பரேஷன் ஐவியின் வார்ப்பு: ஸ்கா சரணம், ஹார்ட்கோர் என்ற அதிவேக பங்க்கில் பல்லவி. அந்தக் குழுவில் டிரம்பெட், டிராம்போன் வரிசைகூட இல்லை. அதன் டிம் ஆம்ஸ்ட்ராங்கும் மேட் ஃப்ரீமனும் பிறகு ரான்சிட் குழுவைத் தொடங்கினார்கள். 1995இல் அதன் ஸ்கா பாட்டு 'டைம் பாம்' வந்தது.

அப்படியென்றால் ஃபிஷ்போன்தான் முதல் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?

இல்லை. டூ டோனையே முதல் என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் இன்னும் இந்தச் சண்டைக்கு வரவில்லை.