முகத்தில் ஆசிட் சீரமும் ஸ்க்ரப்பும் அதிகமாகப் போட்டுவிட்டேன். இப்போது மாய்ஸ்சரைசர் தடவினாலே எரிகிறது, சிவந்துபோகிறது. எப்படிச் சரிசெய்வது?

இன்று இரவிலிருந்தே எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஆசிடும் ஸ்க்ரப்பும் மட்டுமல்ல, வைட்டமின் சி, ரெட்டினால் உட்பட எல்லாமே. எரிச்சலை அடக்க இன்னொரு சீரம் வாங்கிவிடாதீர்கள்.

எனக்கு மூக்கைச் சுற்றிக் கரும்புள்ளிகள். தினமும் இரவு 7 சதவீத கிளைகாலிக் டோனர், அதன் மேல் 2 சதவீத சாலிசிலிக் சீரம், வாரத்தில் மூன்று நாள் வால்நட் ஸ்க்ரப். பத்து நாளில் முகம் மின்னியது. மேல்தோல் தேய்ந்து இழுத்துக் கட்டியதால் வந்த பளபளப்பு அது என்று அப்போது தெரியவில்லை. மூன்றாவது வாரம் தண்ணீர் பட்டாலே மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது. கன்னத்தில் பொடிப்பொடியாகப் பொரிந்தது. பரு என்று நினைத்து இன்னும் ஆசிட் போட்டேன். பருவாக இருந்தால் மாய்ஸ்சரைசர் பட்டு இப்படி எரியாது, அதை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம்.

மெடிக்கல் ஷாப்பில் காட்டினேன். எதுவும் கேட்காமல் ஒரு க்ரீமை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் சிவப்பு அடங்கியது. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பியது. தோல் மருத்துவர் ட்யூபைப் பார்த்துவிட்டு, க்ளோபெட்டாசால், வீரியமான ஸ்டீராய்டு, முகத்தில் போடவே கூடாது என்றார். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்தை எப்படி இவ்வளவு சாதாரணமாக நீட்டுகிறார்கள்? இன்றும் எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை.

மேல்தோலின் செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்புகள் சாந்து பூசியது போல இருக்கும். அது கரைந்துபோனதால்தான் ஈரம் வெளியேறுகிறது, படுவதெல்லாம் எரிகிறது. அதைத் தோல் தானே மறுபடி கட்டிக்கொள்ளும், நாம் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும். காலையில் வெறும் தண்ணீர். இரவில் ஒரே ஒரு தடவை வாசனை இல்லாத, மென்மையான க்ளென்சர். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் செராமைடு மாய்ஸ்சரைசர். எனக்கு முதல் நான்கு நாள் அதுவும் எரிந்ததால் பெட்ரோலியம் ஜெல்லியை மட்டும் மெல்லிசாகத் தடவினேன். பகலில் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்க்ரீன். அம்மா தயிரும் மஞ்சளும் போடச் சொன்னார். தயிரில் இருப்பதும் லாக்டிக் ஆசிட்தான் என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

எரிச்சல் ஒரு வாரத்தில் குறைந்தது. சிவப்பு போக ஆறு வாரம் ஆனது. நடுவில் ஸ்டீராய்டு போட்டிருக்காவிட்டால் சீக்கிரமே போயிருக்கலாம். நீர் வடிந்தாலோ, கொப்புளமோ தேன் நிறப் பொருக்கோ வந்தாலோ, கண் வீங்கினாலோ இதையெல்லாம் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

ஆசிடே கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வர வேண்டாம். நானே இப்போதும் சாலிசிலிக் போடுகிறேன். ஒரு மாதம் எதுவும் எரியாமல் இருந்த பிறகுதான் மறுபடி தொடங்கினேன், வாரம் ஒரு இரவு மட்டும். ஸ்க்ரப்பை அப்புறம் தொடவே இல்லை.